யோகா பயிற்சியாளரை அலுவலகத்தில் அறிமுகப்படுத்துவது எப்படி? கேள்வி பதில்

கே: அடுத்த வாரம் ஆபீஸில் யோகா செஷன். பயிற்சியாளரை நான்தான் அறிமுகப்படுத்தணும். இரண்டு பக்க சுயவிவரம் அனுப்பியிருக்கார். வர்றவங்கள்ல பாதிப் பேர் போனோடதான் உட்காருவாங்க. எப்படி ஆரம்பிக்கிறது?

சுயவிவரத்தை மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள். பட்டம், சான்றிதழ், விருது என்று வாசித்தால் மூன்றாவது வரியில் எல்லாரும் போனுக்குத் திரும்பிவிடுவார்கள். உங்கள் ஆட்களைப் போன்றவர்களோடு அவர் வேலை செய்திருக்கிறாரா என்ற ஒரே தகவல் போதும். முந்தைய நாளே அவரிடம் பேசிக் கேளுங்கள். தரையில் உட்கார வேண்டுமா, எத்தனை மணிக்கு முடியும், கடைசியில் வந்தவர்களுக்குத் தாங்களாகவே செய்ய என்ன தெரிந்திருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்திருப்பவர்கள் மனதில் ஓடுவது வேறு: சட்டை கசங்குமா, மேனேஜர் எதிரில் குனிய வேண்டுமா, எப்போது விடுவார்கள்? அதற்குப் பதில் சொன்னாலே பாதி அறிமுகம் முடிந்தது. மூன்றரை மணி செஷனுக்கு இப்படிப் பேசலாம்:

"இந்த நேரத்துக்கு மேல் கழுத்தைப் பிடித்துக்கொண்டே ஸ்கிரீனைப் பார்ப்பவர்கள் இங்கே நிறைய பேர். இன்று பாய் கிடையாது, உடை மாற்ற வேண்டாம். எல்லாமே நாற்காலியில்தான். சரியாக நாலேகாலுக்கு முடிந்துவிடும். எதையாவது செய்யப் பிடிக்கவில்லை என்றால் சும்மா உட்காரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இதே பயிற்சியைத் தருபவர் வந்திருக்கிறார். கழுத்துக்கும் தோளுக்கும் மூன்று அசைவுகள் கற்றுத்தருவார். வாங்க..."

கடைசிச் சொல்லாக அவர் பெயர். பெயரை முதலிலேயே சொன்னால் கைதட்டல் அப்போதே வந்து போய்விடும். அவர் எழுந்து வரும்போது ஹால் அமைதியாக இருக்கும். நிதானமாகச் சொன்னாலும் இது ஒரு நிமிடம்தான். ஆனால் நீங்கள் "பாய் கிடையாது" என்று சொல்லி, அவர் "எல்லாரும் படுங்க" என்றால் இரண்டு பேர் பேச்சும் எடுபடாது. அதனால்தான் முந்தைய நாள் கேட்கச் சொல்கிறேன்.

இன்னொன்று: சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் இந்த யோகா வேண்டாம். முன்னால் குனியும்போது பின்னால் உருண்டு ஓடும். நாலு கால் நாற்காலி போடச் சொல்லுங்கள்.

கே: சர்வதேச யோகா தினத்தைச் சொல்லி ஆரம்பிக்கலாமா?

ஜூன் 21-ஐ ஐ.நா. 2014-இல் அறிவித்தது. நல்ல தகவல்தான், ஆனால் கழுத்து வலிக்கிறவருக்கு அதனால் என்ன?

கே: எனக்கு இடுப்பு வலி இருக்கு. எந்த ஆசனம் நல்லது?

அதை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேளுங்கள்.

கே: "போர் அடிக்கும்னு நினைச்சுத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும்"னு போன தடவை ஆரம்பிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. நல்லாத்தானே இருந்தது?

சிரிப்பு உங்களுக்குக் கிடைத்தது, விலை பயிற்சியாளருக்கு. அவர் மைக்கை வாங்கியதும் போர் இல்லை என்று நிரூபிக்கும் வேலையில் இறங்க வேண்டியிருக்கும்.

கே: மேலே உள்ள பதிலை ஏத்துக்க முடியல. எல்லாருக்கும் தெரிஞ்சதைச் சொல்லாம மறைச்சா அதுதான் போலி. எங்க ஆளுங்க அதை உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

மறைக்கச் சொல்லவில்லை. தயக்கத்தைத் தொடலாம். ஆனால் "போர்" என்பது தீர்ப்பு. "ஓம் சொல்லச் சொல்வாங்களோ, கண்ணை மூடினா யாராவது போட்டோ எடுப்பாங்களோ" என்பது குறிப்பான பயம். குறிப்பான பயத்துக்குப் பதில் இருக்கிறது, தீர்ப்புக்கு இல்லை.

கே: ஆனா பயிற்சியாளரே அப்படிச் சொல்லிச் சிரிக்க வைப்பாரே?

அவர் தன்னையே கிண்டல் செய்துகொள்வது வேறு. அவரும் நீங்களும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் நீங்களும் சொல்லலாம், அவ்வளவுதான் விட்டுக்கொடுப்பேன்.

கே: மூணு நிமிஷம் பேசலாமா?

ஒரு நிமிடம். மேலேயே சொல்லியிருக்கிறேன்.

கே: நிறுவனத் தலைவரும் அறிமுகத்துக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசணும்ங்கிறார்.

முடிவில் நன்றி சொல்லச் சொல்லுங்கள். முன்னால் பேசி "மன அழுத்தம்" என்று ஆரம்பித்தால், வேலைச்சுமையைக் குறைக்காமல் மூச்சுப்பயிற்சி தருகிறார்கள் என்றுதான் கேட்பவர்களுக்குத் தோன்றும். நீங்களும் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

கே: பிபி, கர்ப்பம் இருக்கிறவங்க கையைத் தூக்கச் சொல்லட்டுமா?

வேண்டவே வேண்டாம். சக ஊழியர் முன்னால் யாரும் உண்மையாகத் தூக்க மாட்டார்கள். கபாலபாதி, தலைகீழ் நிலைகள், மூச்சை நிறுத்திவைப்பது போன்றவை இவர்களுக்கு ஆகாது. ஆகவே செஷனுக்கு முந்தைய மெயிலிலேயே, உடல்நிலையைப் பயிற்சியாளரிடம் நேரடியாகச் சொல்லலாம் என்று எழுதுங்கள். மேடையில் "உடல்நிலைப் பிரச்சினை இருப்பவர்கள் ஆரம்பிக்கும் முன் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்" என்ற ஒரு வரி போதும். நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

கே: அறிமுகம் முடிஞ்சதும் நான் என் சீட்டுக்குப் போயிடலாமா? வேலை கிடக்கு.

போனால் உங்கள் பின்னாலேயே நாலு பேர் எழுந்திருப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நீங்களும் கழுத்தைத் திருப்புங்கள்.