ஓடும்போது லோ ஆவதைத் தடுக்க பம்பை எப்போது குறைப்பது?

கேள்வி: எனக்கு 34 வயது, டைப் 1. பம்ப் போட்டு ஆறு மாதம் ஆகிறது. மாலை 6 மணிக்கு ஓடக் கிளம்பும்போது பம்பை நிறுத்திவிடுகிறேன். இருந்தும் அரை மணி நேரத்தில் லோ. கார்ப் ரேஷியோவையே மாற்றிவிடலாமா?

பதில்: ஓடி முடித்து இரவு எட்டு மணிக்குப் பார்த்தால் சர்க்கரை ஏறியிருக்கிறதா? அப்படியானால் நீங்கள் நிறுத்திய நேரம்தான் தப்பு. 5 மணிக்குள் போன இன்சுலின் தோலுக்கடியில் இருந்து இன்னும் ரத்தத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். 6 மணிக்கு நிறுத்தியதன் பலன் ஏழுக்கு மேல்தான் தெரியும், அதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். நானும் ஒரு வருடம் இதே தப்பைச் செய்தவன்.

ஓடும் நேரத்தில் உடம்பில் எந்த இன்சுலின் இருக்கிறதோ அதைத்தான் குறைக்க வேண்டும். என் கணக்கைச் சொல்கிறேன். பேசல் மணிக்கு 0.8 யூனிட், ரேஷியோ 1:10. நாலரைக்கு இரண்டு தோசை சாப்பிட்டால் 50 கிராம் கார்ப், அதற்கு 5 யூனிட். ஆறு மணிக்கு அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும் (பம்ப் திரையில் IOB என்று வரும்). அதனால் அந்த ஒரு வேளைக்கு மட்டும் 1:20 என்று கணக்கிட்டு 2.5 போடுகிறேன். பேசலைத் தொடுவதில்லை. இரண்டையும் சேர்த்துக் குறைத்த நாள்களில் 240-ல்தான் ஓடவே தொடங்கினேன்.

மதியத்துக்குப் பின் ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் போலஸ் ஏறக்குறைய தீர்ந்திருக்கும், மிச்சம் பேசல்தான். அன்றைக்கு நாலரைக்கே டெம்ப் பேசலை 50% ஆக்கி, ஓடி முடித்ததும் பழையபடி வைத்துவிடுவேன். 126 முதல் 180-க்குள் இருக்கும்போது கிளம்புவேன். பாக்கெட்டில் குளுக்கோஸ் பவுடர் எப்போதும் உண்டு.

பம்பில் இருக்கும் ரேஷியோவை நிரந்தரமாக மாற்றாதீர்கள். மழை பெய்து ஓடாத நாளில் அதே தோசை உங்களை 300-க்குக் கொண்டுபோய்விடும்.

என்னை அதிகம் பயமுறுத்தியது இரவுதான். தசைகள் செலவழித்த சர்க்கரையைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதால், நடுராத்திரி இரண்டு மணிக்கு 58 என்று சென்சார் அலறியிருக்கிறது. மாலையில் ஓடிய நாள்களில் படுக்கும்போது ஆறு மணி நேரத்துக்கு பேசலை 20% குறைக்கிறேன்.

இதெல்லாம் நிதானமான ஓட்டத்துக்கு. வேகமாகப் பாய்ந்து ஓடினாலோ எடை தூக்கினாலோ எனக்கு முதலில் ஏறும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. ஓடாமலே 270-க்கு மேல் இருந்தால் கீட்டோன் பாருங்கள். கேனுலா மடங்கியிருக்கலாம், அன்று ஓட வேண்டாம். உங்கள் பம்ப் தானாகவே பேசலைக் கூட்டிக் குறைப்பது என்றால், டெம்ப் பேசலுக்குப் பதில் உடற்பயிற்சி மோடை அதே ஒன்றரை மணி நேரம் முன்னால் போடுங்கள். 50%, 20% எல்லாம் என் உடம்பின் எண்கள். உங்களுடையதை இரண்டு வார சென்சார் வரைபடத்தோடு டாக்டரிடம் உட்கார்ந்து போடுங்கள்.