செவ்வாய்க்கிழமைச் சரிவு உண்மையான சரிவுதானா?

"பெங்களூரு அல்சூரில் பொடி, அப்பளக் கடை நடத்துகிறேன். போனிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் வரும். திங்கள் 46, செவ்வாய் 33. பதறிப்போய்த் தள்ளுபடி அறிவித்தேன். புதன் 45 ஆகிவிட்டது. ஞாயிறு மட்டும் 70ஐத் தாண்டும். எந்தச் சரிவுக்குக் கவலைப்பட வேண்டும்? முந்தைய இரண்டு வாரக் கணக்கை அனுப்பியிருக்கிறேன்."

புதன்கிழமை ஏறியதற்குத் தள்ளுபடி காரணம் என்று நான் நம்பவில்லை. மிகவும் தாழ்ந்த நாளுக்கு மறுநாள் எண்ணிக்கை தானாகவே சராசரியை நோக்கித் திரும்புவது வழக்கம்.

ஒரு நாள் ஆர்டர் வழக்கமாக எவ்வளவுக்குள் ஏறி இறங்கும் என்பதற்கு மேல், கீழ் எல்லைகளை வரைந்து பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமைகளை முதலில் தனியே எடுத்துவையுங்கள். அவற்றைச் சேர்த்தால் எல்லைகள் அகன்று, உண்மையான கோளாறும் உள்ளே ஒளிந்துகொள்ளும். மீதி 12 நாட்கள்: 42, 47, 39, 44, 50, 41, 45, 38, 46, 43, 49, 44. சராசரி 44.

அடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். கூடியதா குறைந்ததா என்று பார்க்க வேண்டாம். 5, 8, 5, 6 என்று 11 வித்தியாசங்கள் வரும். அவற்றின் சராசரி 6. அதை இந்த முறையின் நிலையான எண்ணான 2.66ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 16. சராசரியுடன் கூட்டினால் மேல் எல்லை 60, கழித்தால் கீழ் எல்லை 28. அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூவார்ட் 1924இல் தொழிற்சாலைக்காக வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் வழிவந்த முறை இது. உங்கள் 33 எல்லைக்குள்தான் இருக்கிறது. அந்த நாளுக்கென்று தனிக் காரணம் தேடுவது வீண். 27 வந்திருந்தால் அன்றே போன் வேலை செய்ததா, சரக்கு இருந்ததா என்று தேட வேண்டும்.

எல்லையைத் தாண்டாமலும் கோளாறு வரும்; என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதுதான். எனக்குத் தெரிந்த ஒரு காப்பித்தூள் கடையிலும் சராசரி 44தான். ஒருமுறை 41, 40, 38, 42, 39, 37, 41, 40 என்று வந்தது. ஒரு நாள்கூட பயமுறுத்தவில்லை, ஆனால் எட்டு நாளும் தொடர்ந்து சராசரிக்குக் கீழே. நாணயத்தைச் சுண்டி எட்டு முறையும் பூவே விழுவது போன்றது அது. 256இல் ஒரு வாய்ப்பு. தேடியபோது, வாட்ஸ்அப் விலைப்பட்டியலில் அரைக் கிலோ பாக்கெட் தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது தெரிந்தது. சேர்த்த பிறகு எண்ணிக்கை மீண்டது.

12 நாள் கணக்கில் வரைந்த எல்லை தற்காலிகமானது. 20 நாள் சேர்ந்ததும் ஒருமுறை திருத்தி, அதோடு நிறுத்துங்கள். தினமும் புதிதாகக் கணக்கிட்டால் மெல்ல வரும் சரிவோடு எல்லையும் சேர்ந்து இறங்கிவிடும். ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களைக் குறித்துவைத்துக் கணக்கிலிருந்து விலக்குங்கள். விலையையோ கடை நேரத்தையோ நீங்களே மாற்றினால் மட்டும், அந்தத் தேதியிலிருந்து புதிய எல்லை வரையலாம்.