மூன்று பேர் எழுதிய கையேடு

கேள்வி: மருதமுனையில் கைத்தறிக் கடை வைத்திருக்கிறோம். கடையின் விபரக் கையேட்டை மூன்று பேர் எழுதித் தந்தார்கள். நானே முழுவதையும் திருத்தி எழுதியும், பக்கத்துக்குப் பக்கம் வேறு ஆள் பேசுவதுபோல் இருக்கிறது. “அன்பாக, எளிமையாக, நம்பிக்கையாக” என்று நடைத்தாளும் போட்டு வைத்திருக்கிறேன். எங்கே பிழை? – வாசகி

பதில்: அந்த நடைத்தாளில்தான். அன்பாக எழுதச் சொன்னால், மூவருமே “அப்படித்தானே எழுதினோம்” என்பார்கள். தாளில் குணங்களை எழுதாதீர்கள், முடிவுகளை எழுதுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் ‘இப்படி’, ‘இப்படியல்ல’ என்று ஒவ்வொரு வரி இருக்கட்டும்.

முதல் முடிவு, கடை தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறது என்பது. ஒருவர் “நமது நெசவு” என்பார், இன்னொருவர் “எங்கள் நெசவு” என்பார், மூன்றாமவர் “நிறுவனம்” என்பார். நெய்தது வாங்குபவர் இல்லையே, அதனால் என் கணக்கில் “நாங்கள், எங்கள்” தான் சரி. இதை முடிவு செய்தாலே வினைச்சொற்களும் பாதி ஒழுங்காகிவிடும். “கொள்வனவு செய்யப்பட்ட பொருட்கள் மூன்று வேலை நாட்களுக்குள் அனுப்பி வைக்கப்படும்” என்ற வரி, “நீங்கள் வாங்கிய துணியை மூன்று வேலை நாட்களுக்குள் அனுப்பிவிடுவோம்” என்று ஆகும். மூன்று நாள் மூன்று நாளாகவே இருப்பதைக் கவனியுங்கள். நடையைத் திருத்தும்போது வாக்குறுதியில் கை வைக்கக் கூடாது.

அடுத்தது பொருட்களின் பெயர். சாரம், சாரன், லுங்கி என்று மூன்றும் கலந்திருந்தால், உங்கள் கடையில் வாயில் வருவதையே எடுங்கள். “சாரன்” என்று வைத்துக்கொள்வோம். விலைக்கு “ரூபா” என்றால் எல்லா இடத்திலும் ரூபா. இந்திய வழக்கான “ரூபாய்” எங்காவது ஒளிந்திருக்கும், தேடுங்கள்.

ஆனால் கணினியில் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். “சாரம்” என்பதைச் “சாரன்” ஆக்கச் சொன்னால் “மின்சாரம்” மின்சாரன் ஆகும், “கலாசாரம்” கலாசாரன் ஆகும். மாற வேண்டிய “சாரத்தை”, “சாரத்தின்” இரண்டும் அப்படியே கிடக்கும். வேற்றுமை ஏறினால் சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. ஆகவே தாளில் “சாரத்தை – சாரனை”, “சாரத்துக்கு – சாரனுக்கு” என்றும் எழுதிவைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

பக்கம் பக்கமாகத் திருத்துவதைவிட, ஒரு முடிவை எடுத்து எல்லாப் பக்கத்திலும் ஓட்டி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. பாதி வழியில் புது முடிவு பிறக்கும். தாளில் சேர்த்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். அநேகமாக முதலில் திருத்திய பக்கங்கள்தான் கடைசியில் ஒட்டாமல் நிற்கும்.

நெசவாளரோ வாடிக்கையாளரோ சொன்னதாக மேற்கோள் இருந்தால் தொடாதீர்கள். அவர் லுங்கி என்றால் லுங்கிதான்.

முடிந்ததும் ஒவ்வொருவர் பக்கத்திலிருந்தும் இரண்டு பந்தியை எடுத்துக் கலந்து, கையேட்டைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். யார் யார் எழுதியது என்று பிரிக்கச் சொல்லுங்கள். சரியாகப் பிரித்துவிட்டால், எதை வைத்துப் பிரித்தார் என்று கேளுங்கள். தாளில் விடுபட்ட முடிவு அதுதான்.