150 வார்த்தைக் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது

> "நிமிடத்துக்கு 150 வார்த்தை என்று வைத்து 15 நிமிட ஸ்லைடு உரைக்கு 2250 வார்த்தையில் ஸ்கிரிப்ட் எழுதினேன். பதிவு செய்தால் 21 நிமிடம் ஓடுகிறது."

ஸ்கிரிப்டை 1600 வார்த்தைக்குக் குறையுங்கள். 150 என்பது ஆங்கிலக் கணக்கு. தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு சொல்லும் நீளம். உங்கள் பதிவின்படி உங்கள் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 107.

சமன்பாடு வரும் ஸ்லைடை மட்டும் தனியாக, ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். `V = IR` வார்த்தை எண்ணிக்கையில் மூன்றுதான். வாயில் "வி சமம் ஐ பெருக்கல் ஆர்". ஸ்கிரிப்டிலும் அப்படியே எழுதுங்கள், நேரம் சரியாக வரும்.

வரைபட ஸ்லைடில் அச்சுகளைப் பார்க்க விடும் ஐந்து நொடி மௌனத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஸ்லைடில் உள்ளதையே திரும்பப் படிக்கும் வரிகளை முதலில் வெட்டுங்கள்.