வழக்கம்போல ஒரு கேள்வி

கேள்வி: முதல் வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. 'மாத ரிப்போர்ட்டை வழக்கம்போல அனுப்பிடு' என்கிறார் மேலாளர். அந்த வழக்கம் எனக்குத் தெரியாது. கேட்டால் முட்டாள் என்று நினைப்பாரோ என்று பயந்து தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். என்ன செய்ய? (பெயர் வேண்டாம்)

பதில்: 'வழக்கம்போல' எனக்கும் பழைய பகையாளி. 'வழக்கம்போல என் கவிதையை வெளியிடவும்' என்று ஒரு கவிஞர் மாதாமாதம் எழுதுகிறார். அவருடைய கவிதை எதையும் நாங்கள் வெளியிட்டதே இல்லை. வழக்கம் என்று பார்த்தால் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். அதைத் தவறாமல் செய்துவருகிறோம். போன மாதம் அவர் 'வழக்கத்தை மாற்றவும்' என்று எழுதியிருந்தார். கவிஞர் கொஞ்சம் முன்னேறியிருக்கிறார்.

உங்கள் மேலாளர் விஷயத்தில் நல்ல செய்தி, அங்கே வழக்கம் நிஜமாகவே இருக்கிறது. போன மாதம் போன மின்னஞ்சலில் இருக்கிறது. 'எப்படி அனுப்பணும்?' என்று கேட்காதீர்கள். 'போன மாதம் அனுப்பியதை எனக்கு ஃபார்வர்டு செய்ய முடியுமா?' என்று கேளுங்கள். யாருக்குப் போனது, யாருக்கு நகல், எத்தனை மணிக்கு, எக்செல்லா பிடிஎஃப்பா, பாதி அதிலேயே தெரிந்துவிடும். அதற்கு முந்தைய மாதத்தையும் வாங்கிப் பாருங்கள். ஒரு மாதம் கணக்குப் பிரிவுக்கு நகல் போய், மறுமாதம் போகவில்லை என்றால் உங்களுக்கு உருப்படியான கேள்வி ஒன்று கிடைத்துவிட்டது: 'இந்த மாதம் கணக்குப் பிரிவுக்கும் அனுப்பணுமா?' மேலாளர் நடந்துகொண்டே 'ஆமாம்' என்று சொல்லிவிடலாம். முதல் தடவை மட்டும், கெடுவுக்கு முந்தின நாளே வரைவை அவருக்கு மட்டும் அனுப்பிக் காட்டிவிடுங்கள்.

மின்னஞ்சலில் ஏறாத விதிகளும் உண்டு. இயக்குநருக்குப் போகும் முன் இன்னொருவர் காதில் போட்டுவைக்க வேண்டும் என்பதுபோல. அதற்குப் பத்து வருடச் சீனியரிடம் போகாதீர்கள். அது ஒரு விதி என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். போன வருடம் சேர்ந்தவரைப் பிடியுங்கள். அவர் வாங்கிய திட்டு இன்னும் சூடாக இருக்கும்.

முட்டாள் பட்டம் பற்றி: ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான வேலையில் ஆலோசனை கேட்டவர்களைக் கேட்காதவர்களைவிடத் திறமைசாலிகளாக மதித்தார்கள். எளிய வேலையில் கேட்டவர்களுக்கு அந்த லாபம் இல்லை. அதனால்தான் ஃபைலில் கிடைப்பதை ஃபைலில் பாருங்கள் என்கிறேன். ஆனால் மூன்றாவது வாரத்தில் எளிய கேள்விக்கும் மன்னிப்பு உண்டு. ஆறு மாதம் தலையாட்டிவிட்டு அதே கேள்வியோடு போனால், 'இத்தனை நாள் யாருக்கு அனுப்பினாய்?' என்று அவர் கேட்பார்.

அப்புறம், கேட்கும்போது 'தப்பா நினைக்காதீங்க, சின்ன டவுட்தான், தொந்தரவுக்கு மன்னிக்கணும்' என்று ஆரம்பிக்காதீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். கேள்வி வருவதற்குள் தாள் தீர்ந்துவிடுகிறது.