அடியில் 7 என்று போட்ட பாட்டிலும் வாசனை லோஷனும்

கேள்வி: என் மகளுக்கு நான்கு மாதம். பவுடர் பால்தான் கொடுக்கிறோம். வாங்கிய பாட்டிலில் 'பிபிஏ இல்லை' என்று இருக்கிறது, ஆனால் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று போட்டிருக்கிறது. தூக்கிப் போட்டுவிட வேண்டுமா? அப்புறம், 'பாராபென் இல்லை' என்று பார்த்து வாங்கிய லோஷனைப் பூச ஆரம்பித்ததிலிருந்து கன்னம் சிவக்கிறது. எதைப் பார்த்துத்தான் வாங்குவது?

பதில்: 7 என்ற எண்ணை மட்டும் வைத்துத் தூக்கிப் போட வேண்டாம். பிளாஸ்டிக் வகைகளில் அது 'மற்றவை' என்ற வகை. பிபிஏ என்பது சில பிளாஸ்டிக்குகளில் இருக்கும், ஹார்மோனைக் குழப்பலாம் என்று சந்தேகிக்கப்படும் வேதிப்பொருள். பிபிஏ கலந்த பாலிகார்பனேட்டும் அதில்தான் வரும், பிபிஏ இல்லாத டிரைட்டன், பிபிஎஸ்யு போன்ற பிளாஸ்டிக்குகளும் அதில்தான் வரும். பிபிஎஸ்யு பெரும்பாலும் தேன் நிறத்தில் இருக்கும். பாலிகார்பனேட் கண்ணாடி மாதிரி தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கும். ஆனால் டிரைட்டனும் தெளிவாகத்தான் இருக்கும் என்பதால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. பெட்டியில் பிளாஸ்டிக்கின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே போடாமல் 'பிபிஏ இல்லை' என்று மட்டும் இருந்தால் நான் வாங்க மாட்டேன். பிபிஏவை எடுத்துவிட்டு அதே குடும்பத்தைச் சேர்ந்த பிபிஎஸ் என்ற வேதிப்பொருளைச் சேர்த்த பிளாஸ்டிக் பொருட்களும் உண்டு, மேலே சொன்ன பிபிஎஸ்யு வேறு, இது வேறு, அவற்றிலும் அந்த வாசகம் பொய்யாகாது.

பாட்டிலில் எண்ணைவிட முக்கியம் சூடு. எண் 5 போட்ட, பால் நிறத்தில் மங்கலாக இருக்கும் பாலிபுரோப்பிலீன் பாட்டிலில் பிபிஏ கிடையாது. ஆனாலும் 2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பார்த்தபோது, 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 6 லட்சம் நுண்பிளாஸ்டிக் துகள்கள் வந்தன. 95 டிகிரியில் சுமார் 5.5 கோடி. குழந்தையின் உடலில் இவை என்ன செய்யும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் குறைக்கும் வழி எளிது.

அதற்காகப் பவுடரை ஆறிய நீரில் கரைத்துவிடாதீர்கள். பால் பவுடர் கிருமி நீக்கிய பொருள் அல்ல, 70 டிகிரிக்குக் குறையாத நீர்தான் அதிலுள்ள கிருமியைக் கொல்லும். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்தால் அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அந்தச் சூட்டில் பவுடரைக் கண்ணாடி அல்லது ஸ்டீல் பாத்திரத்தில் கரைத்து, வெதுவெதுப்பானதும் பாட்டிலுக்கு மாற்றுங்கள். பாத்திரமும் கொதிக்க வைத்ததாக இருக்க வேண்டும். பாட்டிலைக் கொதிக்க வைத்து எடுத்த பிறகு, ஏற்கெனவே காய்ச்சி ஆறவைத்த நீரால் மூன்று முறை அலசிவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம். இவ்வளவும் சிரமமென்றால் போரோசிலிகேட் கண்ணாடி பாட்டில் வாங்கிவிடுங்கள். கனம், விழுந்தால் உடையும், விளிம்பில் சிறு சில்லு போனாலும் கழித்துவிட வேண்டும். மற்றபடி கவலை இல்லை. நிப்பிள் பிசுபிசுத்தாலோ உப்பினாலோ உடனே மாற்றுங்கள்.

இனி லோஷன். அதிலும் 'இல்லை' என்ற வாசகத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். பாராபெனை எடுத்தால் வேறொரு பாதுகாப்புப் பொருள் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நீர் கலந்த லோஷன் கெட்டுவிடும். அப்படி வந்த ஒன்றுதான் மெத்தில்ஐசோதயாசோலினோன். தோல் ஒவ்வாமை அதிகமானதால், கழுவாமல் விடும் பூச்சுகளில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை செய்தது. ஈரத் துடைப்பான்களிலும் இந்தப் பெயரைத் தேடுங்கள்.

உங்கள் லோஷனில் நான் முதலில் சந்தேகப்படுவது வாசனையைத்தான். பட்டியலில் 'பார்ஃபம்' அல்லது 'ஃபிராக்ரன்ஸ்' என்று ஒரே சொல் இருக்கும். அதற்குள் பல பொருட்கள் ஒளிந்திருக்கலாம். லினலூல், லிமோனீன் என்பவையும் வாசனைப் பொருட்களே, இயற்கை எண்ணெய்களிலிருந்து வந்தாலும் அப்படித்தான். 'அன்சென்டட்' என்பதை நம்ப வேண்டாம், மணத்தை மறைக்க வேறொரு மணம் சேர்த்திருக்கலாம். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

லோஷனை இப்போதே நிறுத்துங்கள். இரண்டு வாரம் வெதுவெதுப்பான நீரும், வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியும் போதும். பால், எச்சில் வழிந்தாலும் கன்னம் சிவக்கும் என்பதால் அவ்வப்போது ஒற்றித் துடையுங்கள். சிவப்பு அடங்கினால், அடுத்து வாங்கும் பூச்சை முகத்தில் வைக்காமல் முழங்கையின் உட்புறம் சிறு இடத்தில் தினமும் இரண்டு முறை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒவ்வாமை வெளிப்படச் சில நாட்கள் ஆகும், அதனால் ஒரு முறை தடவிப் பார்ப்பது போதாது. அடங்காமல் பரவினாலோ, நீர் கசிந்தாலோ, குழந்தை சொறிந்து தூங்காமல் இருந்தாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், அது எக்சிமா என்ற தோல் அழற்சியாக இருக்கலாம். போகும்போது அந்த லோஷன் குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.