டீ கவுண்டரில் பேசியவருக்கு முதல் மெயில்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் அலுமினிய வால்வு பாடி செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியராக இருக்கிறேன். வியாழக்கிழமை துமகூரு ரோடு பி.ஐ.இ.சி. கண்காட்சி மையத்தில் நடந்த மாநாட்டில், ஓசூரிலிருந்து வந்த சீனியர் ஒருவர் உரை முடிந்ததும் டீ கவுண்டரில் பத்து நிமிஷம் தமிழில் பேசினார். எங்கள் பர் பிரச்சினைக்கு, அதாவது துளை போடும்போது ஓரத்தில் நிற்கும் உலோகப் பிசிறுக்கு, ஒரு யோசனை சொன்னார், கார்டும் கொடுத்தார். இன்று திங்கள். அவருக்கு எப்படி எழுதுவது? தொல்லை என்றோ, வேலை கேட்க வருகிறேன் என்றோ நினைத்துவிடுவாரோ?

பதில்: நாளை காலை பத்து, பதினோரு மணிவாக்கில் மெயில் அனுப்புங்கள். ஊர் திரும்பியவருக்கு முதல் நாள் தேங்கிய வேலையிலேயே போய்விடும், அதனால் இதுவரை எழுதாததில் நஷ்டம் இல்லை. ஆனால் இந்த வாரத்தைத் தாண்டவிடாதீர்கள்.

வெட்டுக்கருவி விற்பனையில் இருபது வருஷமாக ஸ்டாலுக்கு உள்ளே நின்றவள் நான். கண்காட்சி முடிந்து ரப்பர் பேண்ட் போட்ட கார்டுக் கட்டோடு வீட்டுக்குப் போவேன். எந்தக் கார்டு எந்த முகம் என்று பாதிக்கு மேல் தெரியாது. ஆனால் ‘துளைக்குள் பர் வருகிறது’ என்று யாராவது சொல்லியிருந்தால் அது மட்டும் மறக்காது. பெயரும் கம்பெனியும் போய்விடும், சிக்கல் தங்கிவிடும். அவருக்கும் நீங்கள் அந்தச் சிக்கலாகத்தான் நினைவில் இருப்பீர்கள். அதனால் சப்ஜெக்ட் வரியிலும் முதல் வரியிலும் அதுவே வரட்டும். போனில் மெயில் வந்ததும் கண்ணில் படுவது அந்த இரண்டும்தான். ‘தங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி’ என்று ஆரம்பித்தால் அந்த இடம் வீணாகிவிடும். அதே வரியோடு அவருக்கு இன்னும் நாலைந்து மெயில் வந்திருக்கும்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அவர் சொன்ன யோசனையைப் போட்டுப் பாருங்கள். அது அநேகமாகத் துளை போடும் வரிசையைப் பற்றியதாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். மெயின் போரை, அதாவது பாடியின் முக்கியத் துளையை, முதலில் முடித்துவிட்டுக் குறுக்குத் துளை போட்டால், டிரில் வெளியேறும் இடத்தில் பர் போருக்குள்ளேயே விழும். குறுக்குத் துளையை முதலில் போட்டு, போரைக் கடைசியில் முடித்தால் பர் குறுக்குத் துளைப் பக்கம் தள்ளப்படும். புரொடக்‌ஷனில் கேட்டு இருபது பீஸ் அப்படி ஓட்டினால் போதும். யோசனை சொன்னவருக்கு, அதை ஒருத்தர் மெஷினில் போட்டுப் பார்த்தார் என்பதைவிடப் பெரிய மரியாதை இல்லை. அதற்குப் பிறகு உங்கள் மெயில் தொல்லையாக இருக்காது, அவர் பேச்சின் தொடர்ச்சியாக இருக்கும். நாளைக்குள் மெஷின் கிடைக்காவிட்டால், அடுத்த செட்டப்பில் போட்டுப் பார்க்கப் போவதாக உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

மெயில் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

> சப்ஜெக்ட்: குறுக்குத் துளை பர், வியாழக்கிழமை நீங்கள் சொன்ன யோசனை
>
> வணக்கம் சார். உங்கள் உரைக்குப் பிறகு டீ கவுண்டரில் அலுமினிய வால்வு பாடி பற்றிக் கேட்ட பீன்யா இன்ஜினியர் நான். நீங்கள் சொன்னபடி குறுக்குத் துளையை முதலில் போட்டு இருபது பீஸ் ஓட்டினோம். முன்பு போருக்குள் பஞ்சுக் குச்சி விட்டால் எல்லாவற்றிலும் சிக்கும், இப்போது நாலில் மட்டும் சிக்குகிறது. ஆனால் குறுக்குத் துளைப் பக்கம் மெல்லிய இதழ் போல ஒன்று மடிந்து நிற்கிறது. கையால் வரைந்த படம் இணைத்திருக்கிறேன்.
>
> ஒரே கேள்வி சார்: போர் முடிந்தபின் குறுக்குத் துளை டிரில்லை இன்னொரு முறை விட்டு எடுப்பது நல்லதா, பிரஷ் போடுவது நல்லதா? ஒரு வரி போதும். இப்போது நேரமில்லை என்றாலும் பரவாயில்லை.

எண்கள் உங்கள் ஷாப்பில் வந்தபடி இருக்கட்டும். யோசனை பலிக்கவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள், அவருக்கு அதுவும் பயனுள்ள தகவல்தான். கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள்: ‘டிரில்’ அல்லது ‘பிரஷ்’ என்று ஒரு சொல்லில் அவர் முடித்துவிடலாம். ‘பதினைந்து நிமிஷம் பேச முடியுமா’ என்று கேட்டால், அவர் டைரியைப் பார்த்து நேரம் ஒதுக்கி அதை ஞாபகமும் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை சந்தித்தவரிடம் கேட்கக்கூடியதைவிட அது பெரியது. பேசுவது நல்லது என்று பட்டால் அவரே ‘போன் பண்ணுங்க’ என்பார்.

படத்தைக் கையால் வரையச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கஸ்டமர் டிராயிங்கையோ, பார்ட் நம்பர் தெரியும் பீஸ் போட்டோவையோ வெளியே அனுப்பக்கூடாது. நல்ல எண்ணத்தோடு அனுப்பியவர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். வெள்ளைத்தாளில் இரண்டு துளையும் பர் நிற்கும் இடமும் போதும். அனுப்பும் முன் உங்கள் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதேபோல அவருடைய புராசஸ் ஷீட்டையும் கேட்காதீர்கள். அது அவர் கம்பெனியின் சொத்து, இல்லை என்று சொல்லும் சங்கடத்தை அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

கார்டில் செல் நம்பர் இருக்கும். ‘வாட்ஸ்அப் பண்ணும்மா’ என்று அவரே சொல்லியிருந்தால் ஒழிய, முதல் தொடர்பு மெயிலிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்ததும் பதில் சொல்லியாக வேண்டிய நெருக்கடி அவருக்கும் வரும், பார்த்துவிட்டாரே என்ற தவிப்பு உங்களுக்கும் வரும். லிங்க்டுஇன் அழைப்பை அவர் பதில் வந்த பிறகு அனுப்பலாம், அவசரமில்லை. தமிழில் பேசியவருக்குத் தமிழில் எழுதலாமா என்றால், எழுதலாம். ஆனால் அவர் அந்த மெயிலைத் தன் டூல் ரூமுக்கு ஃபார்வர்ட் பண்ண வாய்ப்பிருக்கிறது. அதற்காக விஷயத்தை ஆங்கிலத்திலும், வணக்கத்தையும் நன்றியையும் தமிழிலும் வைப்பது என் வழக்கம்.

பதில் வராவிட்டால்? பத்து, பன்னிரண்டு நாள் விடுங்கள். அப்புறம் ஒரே ஒரு முறை, அதே மெயிலுக்குக் கீழே எழுதுங்கள். ‘நினைவூட்டுகிறேன்’ என்று எழுத வேண்டாம், புதிதாக ஏதாவது இருக்கட்டும்: ‘டிரில்லை மறுபடி விட்டுப் பார்த்தோம் சார், இதழ் போய்விட்டது. உங்கள் யோசனைக்கு நன்றி.’ அதில் கேள்வியே வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், வேறு நம்பரில் முயல வேண்டாம். அடுத்த மாநாட்டில் பார்த்தால் பேச்சை அங்கிருந்தே தொடரலாம்.

வேலை விஷயம். மனதில் அந்த எண்ணம் இல்லையென்றால், ‘நான் வேலைக்காக எழுதவில்லை’ என்று சொல்லாதீர்கள். சொன்னால்தான் அவருக்கு அந்த நினைப்பே வரும். பர் பற்றி மட்டும் பேசும் மெயிலில் யாரும் வேலையைத் தேட மாட்டார்கள். உண்மையிலேயே அங்கே வேலை பார்க்க ஆசை இருந்தால், அதை இந்தக் கேள்விக்குள் ஒளித்து வைக்காதீர்கள். இரண்டு மூன்று முறை பேசிப் பழகிய பின், ‘உங்கள் பக்கம் குவாலிட்டியில் இடம் வந்தால் விண்ணப்பிக்க விரும்புகிறேன் சார்’ என்று தனியாக, நேராகக் கேளுங்கள்.

பதில் வந்துவிட்டால் அன்றே நன்றி சொல்லி ஒரு வரி அனுப்புங்கள், அவர் சொன்னதைச் செய்து பார்த்ததும் முடிவையும் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். என் கார்டுக் கட்டில் இருந்தவர்களில் முடிவைத் திருப்பிச் சொன்னவர்கள் மிகச் சிலர். அவர்கள் நம்பர் எல்லாம் இன்றும் என் போனில் இருக்கிறது.